எட்டு புள்ளி ஆறு

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நிற்பவர்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் என்றால் வேப்பங்காய். ஒன்று, கடன் வேண்டுமா என்று கேட்பான். இல்லையென்றால், என் பெட்டி எங்கே என்று கத்துவான். அதனால் கவுண்டரில் நின்ற பெரியவள் இரண்டு தடவை வெட்டிவிட்டாள். மூன்றாம் தடவையும் அடித்தபோது, "கடன் வேண்டாம்மா, இருக்கிற தொல்லையே போதும்" என்று சொல்லத்தான் எடுத்தாள்.

"ரத்தப் பரிசோதனை லேப்ல இருந்து பேசறேன்மா. காலையில உங்க வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுத்தமே, அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"மகள்."

அந்தப் பெண் அப்பாவின் பெயரையும் பிறந்த தேதியையும் பெரியவளையே சொல்லச் சொன்னாள். சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"ரத்தம் உறையறதுக்குப் பார்க்கிற டெஸ்ட்ல அவருக்கு எட்டு புள்ளி ஆறு வந்திருக்கு. எழுதிக்குங்க. எழுதிட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

"எட்டு புள்ளி ஆறு," என்றாள் பெரியவள், ஒரு பார்சல் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே. எதிரே பெட்டியோடு நின்ற ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். "அது நல்லதா, கெட்டதா?"

"மாத்திரை எதுவும் சாப்பிடாதவங்களுக்கு ஒண்ணுகிட்ட இருக்கும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரெண்டுல இருந்து மூணுக்குள்ள வெச்சிருப்பாங்க. எட்டுன்னா, சின்னதா அடிபட்டாலும் ரத்தம் நிக்காது. உள்ளுக்குள்ள கசிஞ்சாலும் வெளியில தெரியாது."

பெரியவளுக்கு ஏற்கெனவே அசதி. காலை ஐந்தரைக்கு எழுந்தவள். அப்பாவைக் குளிப்பாட்டி, சமைத்து, இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று மணிவரை நின்றவள். இதிலே இது வேறயா என்று அலுத்துக்கொண்டாள்.

"லேப்ல தப்பா வந்திருக்கலாம் இல்லையா?"

"அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சும்மா. குழாய்ல ரத்தம் குறைஞ்சிருந்தா இப்படித் தப்பாக் காட்டும். கோடு வரைக்கும் நிறைஞ்சிருக்கு, கட்டியும் இல்ல. ரெண்டாவது தடவை ஓட்டியும் அதேதான். டாக்டருக்கு மூணு தடவை அடிச்சேன், எடுக்கல. இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருப்பேன். ஆனா அவர் எடுக்கற வரைக்கும் நீங்க காத்திருக்கக் கூடாது."

"ஆறு மணிக்கு டியூட்டி முடியும். முடிஞ்சதும் டாக்டர்கிட்ட…"

"ஆறு மணிக்கு இல்லம்மா, இப்ப. கிளினிக்குக்கும் வேண்டாம், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. அவர் சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் இன்னிக்கு அந்த மாத்திரையைக் குடுக்காதீங்க. தலைவலின்னோ, வாந்தின்னோ, பேச்சு குழறினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. உங்க பேர் சொல்லுங்க, நேரத்தோட எழுதி வெச்சுக்கணும்."

பெயரைச் சொல்லி வைத்தாள். பெட்டிக்காரன், "நம்ம பெட்டி?" என்றான். "பெட்டி எங்கயும் ஓடிப்போகாது, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜரிடம் போனாள். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே இருக்கட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வழியில் அப்பாவுக்குப் போன் போட்டாள். "எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். நீ ஏன் வேலையை விட்டுட்டு வர்றே?" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் போனில் அந்தப் பெண், அவசரப்படாமல், அழுத்தமாக "இப்ப" என்று சொன்னது காதிலேயே இருந்தது. தூரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பிக்கு, 'அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்.

மாடியில் இருக்கும் அவன் மனைவிக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? மாடிக்காரியோடு பேச்சு நின்று பன்னிரண்டு நாள் ஆகிறது. மாடியில் துணி துவைக்கிற மெஷினின் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வந்து, பெரியவள் காயப்போட்ட போர்வைமேல் கொட்டியது. அதில் ஆரம்பித்தது. போர்வையில் தொடங்கி, யார் எந்த வீட்டில் பிறந்தவள் என்பதுவரை போய், கடைசியில் இருவரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். தைத்த வாயைப் பிரிக்க இருவருக்கும் மனமில்லை.

வீட்டில் அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம்.

"இது என்னப்பா?"

"எங்கயாவது பட்டிருக்கும்."

"பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"வயசானா வராதா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மாத்திரைப் பெட்டியை அப்படியே பையில் கவிழ்த்து, வாடகை வண்டி பிடித்து, ஐந்து மணிக்கு அவசரப் பிரிவில் இருந்தாள். பார்சல் சீட்டில் எழுதியிருந்ததைக் காட்டியதும் உட்காரக்கூட வைக்காமல் உள்ளே அனுப்பினார்கள்.

இளம் டாக்டர். அவள் கண்ணும் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் இதயம் தாளம் தப்பித் துடிப்பதையும், கட்டி உருவாகி மூளைக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை என்பதையும் மாத்திரைப் பெட்டியோடு இருந்த பழைய மருந்துச் சீட்டில் படித்துக்கொண்டாள். மறுபடி ரத்தம் எடுத்து, எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து நெடுநேரம் அழுத்தச் சொன்னாள்.

"போன மாசம் ரெண்டரை. இந்த மாசம் எட்டரைக்கு மேல. நடுவுல புதுசா ஏதாவது மாத்திரை? பல்லுக்கு, இருமலுக்கு, மூட்டு வலிக்கு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சாப்பாடு குறைஞ்சுதா? வயித்துப்போக்கு?"

"இல்ல."

"இந்த மாத்திரை ஒரு நாளைக்கு ஒண்ணுதானே? யாரு குடுக்கறது?"

"நான்தான்," என்றாள் பெரியவள். சொல்லும்போதே தலை கொஞ்சம் நிமிர்ந்தது. "ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிட்டதும். ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

டாக்டர் அப்பாவிடம் திரும்பினாள். "எங்கயாவது விழுந்தீங்களா? தலை இடிச்சுதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அப்பா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எண்பது வயது மனிதர் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பார் என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அசதியில் கவனிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் திரைச்சீலை விலகியது. மாடிக்காரி. தலை கலைந்து, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. தம்பி போனில் சொல்லியிருக்கிறான், விழுந்தடித்து வந்திருக்கிறாள். பெரியவளைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனாள்.

"மாமா, இப்ப எப்படி இருக்கு? மணி ஆறாகப் போகுது, மாத்திரையைக் கையோட கொண்டு வந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பெரியவளின் பையில் இருந்த அதே அட்டை, அதே நிறம். பாதிக்கு மேல் காலி.

டாக்டர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "இதை நீங்க எவ்வளவு நாளா குடுக்கறீங்க?"

"ரெண்டு வருஷமா டாக்டர். அண்ணி வேலையில இருந்து வர ஏழரை ஆகும். அதனால ஆறு மணிக்கு நான்தான் குடுப்பேன்."

பெரியவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது நிஜம். இரண்டு வருஷமும் மாடிக்காரிதான் கொடுத்தாள். சண்டை போட்ட அன்றைக்கு, இனி அவள் தயவு நமக்கு எதற்கு என்று பெரியவள் தானே ஒரு அட்டை வாங்கி வந்தாள். எட்டு மணிக்குத் தன் கையால் கொடுக்க ஆரம்பித்தாள். பேச்சையே நிறுத்தியவள் மாத்திரையை மட்டும் கொடுப்பாளா என்று எண்ணிவிட்டாள். கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

"நீ நிறுத்தியிருப்பேன்னு நினைச்சேன்," என்றாள். பன்னிரண்டு நாள் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாடிக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏன் நிறுத்தணும்? சண்டை உங்ககூடத்தானே அண்ணி, மாமாகூடவா?"

அந்தக் கேள்வி பெரியவளைச் சுட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

"ஏன்ப்பா, உங்களுக்காவது தெரியுமில்ல?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா போர்வை ஓரத்தை மடித்தார். "தெரியும். இவ குடுத்ததை வேண்டாம்னா, அண்ணி சொல்லிக்குடுத்துட்டாங்கம்பா. நீ குடுத்ததை வேண்டாம்னா, அப்பா மாடிப் பக்கம் சாஞ்சுட்டார்ம்பே. ரத்த மாத்திரைதானே, ரெண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்னு முழுங்கிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ஐயா," என்றாள் டாக்டர், குரலை உயர்த்தாமல். "இன்னும் ஏதாவது மறைச்சிருந்தா இப்பச் சொல்லிடுங்க."

அப்பாவின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. "நேத்துக் குளியலறையில வழுக்கிச்சு. குழாய்ல லேசா இடிச்சுக்கிட்டேன். லேசாத்தான். இதைச் சொன்னா, தரையை யாரு சோப்போட விட்டதுன்னு அதுக்கொரு சண்டை வரும்."

டாக்டர் அதற்குமேல் நிற்கவில்லை. தலையை ஸ்கேன் எடுக்க உடனே அனுப்பினாள். சக்கர நாற்காலி கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லேப்காரி போன் பண்ணாமல் இருந்திருந்தால் ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என்று இன்றைக்கும் உள்ளே போயிருக்கும் என்று பெரியவள் எண்ணினாள்.

"மாமாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றாள் மாடிக்காரி.

"தெரியலையேம்மா," என்றாள் பெரியவள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் கையில் காகிதத்தோடு வந்தாள்.

"இப்போதைக்குத் தலைக்குள்ள ரத்தக் கசிவு இல்ல. ஆனா பின்னாடி கசியவும் வாய்ப்பிருக்கு, அதனால இன்னிக்கு ராத்திரி இங்கதான் இருப்பார், மணிக்கு மணி பார்ப்போம். மாத்திரையை நிறுத்தியாச்சு. அந்த எட்டு புள்ளி ஆறைக் குறைக்க வாய் வழியா வைட்டமின் கே குடுத்திருக்கோம். நாளைக்குக் காலையில மறுபடி டெஸ்ட். வலிக்குதுன்னு கடையில எந்த மாத்திரையும் வாங்கிக் குடுக்காதீங்க, ஊசியும் போடாதீங்க." காகிதத்தில் ஒரு இடத்தில் பேனாவை வைத்தாள். "எண் இறங்கினதும் மாத்திரையை எப்ப, எவ்வளவு திரும்ப ஆரம்பிக்கணும்னு நாங்க சொல்வோம். ஒருத்தர் கையாலதான் குடுக்கணும். யாரு பேரை எழுதட்டும்?"

மாடிக்காரி தரையைப் பார்த்தாள். தன் பெயரைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"இவ பேரை எழுதுங்க டாக்டர்," என்றாள் பெரியவள். "ரெண்டு வருஷமா எண் சரியாத்தான் இருந்துச்சு. நான் கைவெச்ச பன்னெண்டு நாள்லதான் இப்படி ஆச்சு."