முதலைகளுக்கு ஐம்பத்தொன்பது சதவீதம்

என் முதலைகளைத் தடை செய்யப் போகிறார்கள் என்ற செய்தி, நான் மூன்றாவது கறிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்கூடாயில் கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் எங்கள் பலகை விளையாட்டு மன்றத்தில்தான். கறிபாப் தொண்டையில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது, அது நல்ல கறிபாப்.

நாங்கள் ஆடுவது படை நடத்தும் ஆட்டம். ஒரு பலகை, இரண்டு பேர். மலை, பாலை, கடல், சதுப்பு என்று நான்கு படைகள். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மோத வேண்டும். என்னுடையது சதுப்பு. அதில் முழுக்க முதலைகள். பாசிர் கூடாங் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றுக்கு நானே பச்சை வர்ணம் பூசினேன். ஜொகூரில் அந்த ஆண்டு பச்சை வர்ணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது என் ஒருத்தியால்தான் என்று சொல்லிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை.

"தனலெட்சுமி ஆன்ட்டி, கோபப்படாதீங்க," என்றான் ரூபேந்திரன். மன்றத்துத் தலைவன், மலைப் படைக்காரன், என்னிடம் தோற்பதைத் தொழிலாகவே வைத்திருப்பவன். "அடுத்த மாசம் கோப்பைப் போட்டி. ஒரு படை ரொம்ப பலமா இருந்தா அதை எடுத்துடலாம்னு விதி இருக்கு. சதுப்பு ரொம்ப பலம்லா."

"படை பலமா, நான் பலமா?"

"அதைத்தான் சாருமதி கணக்குப் போட்டுட்டாங்க."

சாருமதி சிங்கப்பூரில் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எக்செல் போடுவாள். அந்த நெரிசலுக்கு ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தையே முடித்துவிடலாம். இவள் எங்கள் ஆட்டங்களை முடித்திருந்தாள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் முடிவைப் போடுவது எங்கள் வழக்கம். இருநூற்று நாற்பது ஆட்டங்களையும் ஆட்டத்துக்கு ஒரு வரியாக ஏற்றி வைத்திருந்தாள். முதல் ஆள், அவர் படை, இரண்டாவது ஆள், அவர் படை, ஜெயித்தது யார்.

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "ரெண்டு பக்கமும் ஒரே படை வந்த ஆட்டம் நாற்பது இருக்கு ஆன்ட்டி. அதுல அந்தப் படை ஒரு தடவை ஜெயிச்சு ஒரு தடவை தோத்த மாதிரி ஆயிடும். எல்லாத்தையும் பாதிக்குப் பாதின்னு இழுத்துடும். அதை ஒதுக்கிட்டேன். மிச்சத்துல சதுப்பு எண்பது ஆட்டம், நாற்பத்தேழு வெற்றி. ஐம்பத்தொன்பது சதவீதம். மத்த மூணும் நாற்பத்தெட்டுக் கிட்டதான்."

சதுப்பின் கட்டம் சிவப்பாக எரிந்தது. என் பச்சைக் குழந்தைகளுக்குச் சிவப்பு.

"இந்த வாரம் முடிவு பண்ணிடலாம்," என்றான் ரூபேந்திரன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அப்போதுதான் சபாபதி படியேறி வந்தார். பெக்கான் நானாஸ்காரர், எழுபத்தொரு வயது, என்னைவிட ஐந்து மூத்தவர். வாரம் தவறாமல் ஓர் அன்னாசியோடு வருவார்; அதைக் கொடுத்துவிட்டு என்னைத் தோற்கடித்துவிட்டுப் போவார்.

"சதுப்பு அவ்வளவு பலம்னா, இந்த மனுஷன்கிட்ட மட்டும் ஏன் மண்ணைக் கவ்வுது?" என்று கேட்டேன்.

"ஏன்னா அவரு நல்லா ஆடுறாரு," என்றான் ரூபேந்திரன்.

"நல்லா எங்க ஆடுறாரு. மூத்தவர்னு முதல் நகர்த்தலை அவருக்கு விட்டுக் கொடுக்கிறோம். அவரு பாலைக் குதிரையை நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டுத் தூங்கிடுறாரு. அப்புறம் என் முதலை எங்கே போகும்?"

"தூங்கலம்மா, யோசிக்கிறேன்," என்றார் சபாபதி.

சாருமதியின் கை நின்றது. "நாம யாரு ஆரம்பிக்கிறதுன்னு பகடை உருட்டுறது இல்லையா?"

ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான். விதிப் புத்தகத்தில் பகடை உருட்டச் சொல்லியிருக்கிறது. ஆனால் மன்றம் தொடங்கிய நாளிலிருந்தே, 'பெரியவங்க நீங்க ஆரம்பிங்க' என்று சொல்லிச் சொல்லி, எதிரே உட்கார்ந்த இருவரில் வயது கூடியவரே முதலில் நகர்த்துவார். அந்தப் பகடை வாங்கிய பையிலிருந்து வெளியே வந்ததே இல்லை. சபாபதி இல்லாத இடத்திலெல்லாம் நானே பெரியவள். அந்த மரியாதையை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

"குழுவுல போடுறப்போ ஆரம்பிச்சவங்க பேரைத்தானே முதல்ல போடுறோம்?" என்றாள் சாருமதி.

"ஆமா."

"அலமாக். அப்போ அது என் ஷீட்டோட முதல் பத்தியிலேயே இருக்கு. நான்தான் ரெண்டையும் சேர்த்துக் கூட்டிட்டேன்."

விசைகள் தடதடத்தன. ஒரே கட்டமாக இருந்த சதுப்பை இரண்டாகப் பிரித்தாள்: ஆரம்பித்தபோது, ஆரம்பிக்காதபோது. ஆரம்பித்த அறுபதில் நாற்பத்தொன்று வெற்றி. மற்ற இருபதில் ஆறே ஆறு. பிறகு எல்லாப் படைகளுக்கும் சேர்த்துப் பார்த்தாள். எந்தப் படையாக இருந்தாலும், ஆரம்பித்தவர் நூற்றுக்கு அறுபத்தெட்டு முறை ஜெயித்திருந்தார்.

"அந்தக் கணக்குப்படி சதுப்பு எத்தனை ஜெயிக்கணும்? அறுபதுல அறுபத்தெட்டு சதவீதம், இருபதுல முப்பத்திரண்டு சதவீதம்." எண்டர் தட்டினாள். "நாற்பத்தேழு. ஜெயிச்சதும் நாற்பத்தேழு."

"ஒதுக்கி வச்ச நாற்பது என்ன சொல்லுது?" என்றான் ரூபேந்திரன், கடைசிக் கிளையைப் பிடித்துத் தொங்கியபடி. "அதுல ரெண்டு பக்கமும் ஒரே படை. படை பலம்னு சொல்லவே முடியாதில்ல?"

நல்ல கேள்விதான். பயல் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்த நாற்பதில் ஆரம்பித்தவர் இருபத்தேழில் ஜெயித்திருந்தார். அங்கேயும் அதே அறுபத்தெட்டு.

சிவப்பு அணைந்தது. நான் நான்காவது கறிபாப்பை எடுத்தேன்.

"ஆனா ஒன்னு," என்றாள் சாருமதி. "எப்பவும் மூத்தவங்களே ஆரம்பிச்சதால, ஜெயிக்க வச்சது முதல் நகர்த்தலா, இல்ல மூத்தவங்க உண்மையிலேயே நல்லா ஆடுறாங்களான்னு இந்த ஷீட்டால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நான் சொல்றேன்," என்றேன். "ரெண்டாவதுதான். அச்சடிச்சுச் சுவத்துல ஒட்டிடுங்க."

"ஒட்ட வேணாம் ஆன்ட்டி. பகடை உருட்டுவோம். அப்போ தெரிஞ்சிடும்."

முடிவானது: சதுப்பு கோப்பைப் போட்டியில் இருக்கும், இனி யாரும் வயதைக் காட்டி ஆரம்பிக்க முடியாது. முதலைகள் பிழைத்தன. என் மரியாதை போனது. பலகை விளையாட்டு வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய தியாகத்தை ஒருத்தியும் செய்ததில்லை என்று அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை.

உடனே ரூபேந்திரன் எனக்கு எதிரே உட்கார்ந்து பகடையை உருட்டினான். அவனுக்கு ஐந்து, எனக்கு மூன்று. முதல் முறையாக அவன் மலை என்மீது முதலில் இறங்கியது. டம்ளரில் தே தாரிக் ஆறுவதற்குள் தோற்றேன்.

"எழுதிக்குங்க சாருமதி," என்றான். வாய் காது வரை போயிருந்தது.

"ஒரு ஆட்டத்தை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது," என்றேன். "கணக்குப் படிச்சவங்களைக் கேட்டுப் பாரு."

சாருமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

என் கண் அதற்குள் சன்னல் ஓரம் போயிருந்தது. சபாபதி அங்கே குதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் கை முன்னால் நீண்டு, நடுக் குதிரையை எடுத்தும் விட்டது. நான் போய் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"குதிரையை வைங்க," என்றேன். "முதல்ல பகடை."

அவர் என்னைப் பார்த்தார், சாருமதியைப் பார்த்தார், பகடையை வாங்கி ஏதோ கெட்டுப்போன பழத்தைப் போலத் திருப்பிப் பார்த்தார். உருட்டினார். இரண்டு விழுந்தது.

எனக்கு நான்கு.

மிகப் பெரிய முதலையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் குதிரை வழக்கமாக நிற்கும் நடுக் கட்டத்தில், மெதுவாக, அவர் நன்றாகப் பார்க்கும்படி வைத்தேன்.

"இப்ப யோசிங்க," என்றேன்.