ஏழு கிழமைகள்

நான் எழுதிக் கொடுத்த கடிதத்தால் கெட்டவர்கள் யாருமில்லை என்று நாவற்குடாவில் பத்து வருசமாக மார்தட்டிக்கொண்டு இருந்தவள் நான். காலையில் ஆங்கில வகுப்பு, பின்னேரத்தில் வீட்டு முன்னறையில் கடிதம், விண்ணப்பம், விசாப் படிவம். "றொசானி மிஸ்ஸிட்டக் குடுத்தா வேலை முடிஞ்ச மாதிரி" என்று சனம் சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலை கனத்துப் போனதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்ய?

நஸ்ஹா காத்தான்குடிப் பிள்ளை. விலங்கியலில் பட்டம் முடித்தவள். நோர்வேயில் ஒரு பேராசிரியை கடலோடு சேரும் வாவிகளை ஆராய்கிறாராம், அவரிடம் சம்பளத்தோடு ஓர் ஆய்வு இடம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். படித்தது ஆங்கிலத்தில்தான், ஆனால் இப்படி ஒரு பெரிய மனுசிக்குக் கடிதம் எழுதக் கை வரவில்லை என்று, சொல்ல வேண்டியதை எல்லாம் தமிழில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். சதுரக்கோட்டுத் தாள், இரண்டு பக்கம், வெட்டும் குத்துமாக.

அந்தக் குறிப்பில் எல்லாம் இருந்தது. பதினான்கு மாதம், ஒவ்வொரு வியாழக்கிழமையும், விடிய வாவிக்கரைக்குப் போய், பிடித்து வரும் நண்டுகளின் ஓட்டு அகலத்தை அளந்தது. கரையோரம் இறங்கித் தண்ணீரின் உப்பை அளந்தது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, சினை எத்தனை. கடைசியில் ஒரு வரி: 'மழைக்காலத்தில் ஏழு கிழமை அளக்கவில்லை. வெள்ளம். வெள்ளம் வடிய முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்ட நேரம் வாவியில் இறங்க வாப்பா விடவில்லை.'

நான் கடிதத்தை ஒழுங்காகத்தான் கட்டினேன். கண்டபடி 'மதிப்புக்குரிய ஐயா' போடாமல் பேராசிரியையின் பெயரை எழுதினேன். எந்த இடத்துக்கு விண்ணப்பம் என்பது தலைப்பிலேயே. அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தாள், அதற்கும் இவள் வேலைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பந்தி. செய்த வேலை ஒரு பந்தி. இணைப்பில் தன்விவரமும் பெறுபேறும். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. அளக்காத அந்த ஏழு வாரத்தையும் முதல் வரைவில் எழுதினேன். நஸ்ஹா திரையில் வாசித்தாள், தலையாட்டினாள், தன் மின்னஞ்சலைத் திறந்து தந்தாள். அஸர் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். நீ போ புள்ள, பெறுபேறு இணைத்துவிட்டு நான் அனுப்புகிறேன் என்றேன்.

அவள் போன பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது. திரும்ப வாசித்தேன். வாப்பா விடவில்லை! வெள்ளைக்காரி இதை வாசித்து என்ன நினைப்பாள்? இருபத்தைந்து வயதுப் பிள்ளை தகப்பனைக் கேட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாளாமா? எனக்கே கூசியது. எங்கள் ஊரில் விண்ணப்பத்தில் குறையை எழுதுகிற வழக்கம் உண்டா? நல்லதைச் சொல், மற்றதை விடு, இதுதான் பத்து வருசமாக என் தொழில். சிவப்புப் பேனாவால் குறிப்பில் அந்த வரியை வெட்டினேன், வகுப்பில் பிழைக்கு வெட்டுகிற மாதிரியே. கடிதத்திலும் அதைத் தூக்கிவிட்டு, 'பதினான்கு மாதம், இடைவிடாமல், மழைக்காலம் உட்பட' என்று போட்டேன். வசனம் அழகாக இருந்தது. அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் நஸ்ஹா வந்தாள். முகம் சரியில்லை. பேராசிரியை பதில் எழுதியிருந்தார். நல்ல பதில். அதுதான் கொடுமை. முகத்துவாரம் வெட்டப்படும் கிழமைகளின் தரவு இப்படியான வாவிகளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை, தன் ஆய்வுக்கு முக்கியமாகத் தேவைப்படுவதே அதுதான், இடைவிடாமல் அளந்ததைக் கேட்டு மிகவும் சந்தோசம், அந்தக் கிழமைகளின் தாள்களை அனுப்பினால் வருகிற புதன்கிழமை காணொளியில் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

நஸ்ஹா, நான் அனுப்பிய கடிதத்தைத் திறந்து என் முன் வைத்தாள். அந்த வசனத்தில் விரலை வைத்தாள். ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசிச் சமாளித்திருப்பேன், எனக்கு வாய்க்கு என்ன குறை. அவள் அந்த விரலை எடுக்கவேயில்லை.

அதற்கு மேலும் நான் ஒரு வேலை பார்த்தேன். சொல்லவே நாக்கூசுகிறது. முன் கிழமையின் எண்ணும் பின் கிழமையின் எண்ணும் இருக்கிறதுதானே, நடுவில் கணக்காக நிரப்பிவிடலாமே, யார் வந்து நண்டை எண்ணப்போகிறார்கள் என்றேன்.

"மிஸ், அந்தத் தண்ணியில நான் இறங்கல்ல" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு, திருத்தி எழுதவேண்டும், அதைத் தானே எழுதப்போவதாகச் சொன்னாள். என் கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் எழுதினாள். நான் குசினிக்குள் போய்ப் பிளேன்ரீ ஊற்றினேன். ஊற்றியதைக் கொண்டுவர முகம் இல்லாமல் அங்கேயே நின்றேன். முடிந்ததும் கூப்பிட்டாள். எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள், வசனத்தைத் தொடவேண்டாம் என்றாள்.

ஆறு வரி. 'முதல் கடிதத்தில் நான் ஒரு பிழையான விசயம் எழுதிவிட்டேன். ஏழு கிழமை என்னிடம் தரவு இல்லை. காரணம் வெள்ளம், அந்த நேரம் வாவி ஆபத்து என்று தகப்பன் போகவிடவில்லை. மற்றக் கிழமைகளின் தாள்களை இணைத்திருக்கிறேன். மன்னியுங்கள்.' கீழே அவள் பெயர். வசனங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. ஆனால் ஒரு வசனத்தில்கூட நான் கைவைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"இது நீ செய்த பிழை இல்லையே புள்ள. நான் மாத்தினன் எண்டு எழுது."

"என்ட பேர்ல போன கடிதம் மிஸ். நான் நிண்டு பாத்து அனுப்பியிரிக்கணும்."

அனுப்பினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனாள். அன்றைக்கு வந்த மூன்று பேரையும் நாளைக்கு வாங்கோ என்று திருப்பிவிட்டேன்.

புதன்கிழமைப் பேச்சு நடக்கவில்லை. திருத்தியதற்கு நன்றி, ஆனால் முதல் கடிதத்தில் எழுதியதை இனி எப்படி நம்புவது என்று தன் குழுவுக்குத் தன்னால் விளக்க முடியாது, இந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்ததாம். இதை நஸ்ஹா தொலைபேசியில் சொன்னபோது நான் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். பேராசிரியைக்கு நானே எழுதி, குற்றவாளி நான்தான் என்று சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மிஸ் எழுதினால் அதுவும் தனக்காக மிஸ் எழுதிய இன்னும் ஒரு கடிதம்தானே என்றாள்.

போன கிழமை மறுபடி வந்தாள். உள்ளே வந்து இருக்கவில்லை, வாசலிலேயே நின்றாள். அவுஸ்திரேலியாவில் இன்னொருவருக்கு எழுதப்போகிறாளாம். குறிப்புத்தாள் வேண்டுமாம்.

"இந்த முறை நானே எழுதுறன் மிஸ். அந்தத் தாளத் தாங்க."

மேசை லாச்சியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி வரியின் மேல் என் சிவப்புக் கோடு தடித்துக் கிடந்தது. பறித்து மறைக்கவும் முடியாது. அவள் அதைப் பார்த்தாள். பேனா கேட்டாள். என் மேசையில் சிவப்புத்தான் இருந்தது, அதைத்தான் கொடுத்தேன்.

தாளை வாசற்சுவரில் வைத்து, வெட்டின வரிக்குக் கீழே அதே வரியை அப்படியே திரும்ப எழுதினாள். ஏழு கிழமை. வெள்ளம். வாப்பா விடவில்லை. பேனாவை மூடி என் கையில் தந்துவிட்டு, போயிட்டு வாறன் மிஸ் என்று சொல்லி நடந்தாள்.