முதலாளி இல்லாத ஐந்து வருஷம்

அக்காவின் படுக்கையறை மூலையில் மேசை போட்டு, ஐந்து வருஷமாகச் சோப்புப் பெட்டிக்கும் பினாயில் பாட்டிலுக்கும் லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சில நாட்களாக இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். மேசை இருக்கும் இடத்தில் தொட்டில் வரவேண்டும். அக்கா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் வரும்போதெல்லாம் கண்ணாலேயே மூலையை அளந்துவிட்டுப் போனாள். மாதச் சம்பளம் வந்தால்தான் பெண்கள் விடுதியில் இடம் கேட்க முடியும்.

ரெஸ்யூமே அனுப்பாத கம்பெனி பாக்கியில்லை. ஒருவர் மட்டும் போனில் கூப்பிட்டு, "ஏம்மா, ஒரு இடத்துலயும் நாலு மாசம் தாக்குப்பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லேபிள் கேட்டு வந்த ஒவ்வொரு ஆளையும் தனித்தனி உத்தியோகம் போல வரிசையாக எழுதியிருந்தாள். படிக்கிறவர் கண்ணுக்கு, சேர்ந்த இடத்தையெல்லாம் விட்டு ஓடியவள்.

"இதுக்கா மண்டையை உடைச்சிக்கிற?" என்றார் அக்காவின் கணவர். "என் கூட்டாளி கம்பெனியில அஞ்சு வருஷம் வேலை பாத்தேன்னு போடு. சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன்."

"அவர் பம்ப் செட்டு விக்கிறவராச்சே மாமா."

"பம்புக்கு லேபிள் ஒட்ட மாட்டாங்களா?"

"சும்மா இருங்க," என்றாள் அக்கா. "சம்பளச் சீட்டைக் காட்டுன்னு கேட்டா இவ முழி பிதுங்கிடும்."

அதுவும் சரிதான். ஆனால் உண்மையை எழுதினால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்? உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். கடைசியில் பழையதை அழித்துவிட்டு ஒரே தலைப்பாக எழுதினாள்: சுயதொழில், லேபிள் மற்றும் பெட்டி வடிவமைப்பு. தொடங்கிய வருஷம் முதல் இன்றுவரை. அதன்கீழ், செய்த வேலைகள், திரும்பத் திரும்ப வந்த வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒரு தோல் மருந்துக் கம்பெனியின் பேரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அதனால் 'ஒரு மருந்து நிறுவனம்' என்பதோடு நிறுத்தினாள். விசாரிக்க யார் பேரைக் கொடுப்பது? பினாயில் கம்பெனி முதலாளியைத்தான் கேட்டாள். போனை எடுத்தாலே கத்துகிற மனுஷர்.

"போட்டுக்க. வேலை நேரத்துல எவனும் கூப்பிடக் கூடாது!"

இந்தத் தடவை ஒரு சோப்புக் கம்பெனி நேரில் வரச்சொன்னது. வடிவமைப்புப் பிரிவின் தலைவி ரெஸ்யூமேயை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீட்ல சும்மா இருந்தவங்களும் இப்பல்லாம் சுயதொழில்னுதான் எழுதுறாங்க."

அவள் பையைத் திறந்தாள். மாதிரிகளை எடுத்து மேசையில் பரப்பினாள். "இதுல படம் வேற ஒருத்தர் வரைஞ்சது மேடம். எழுத்து, அளவு, அச்சுக்குப் போன ஃபைல் என்னுது. இது முழுக்க நானே பண்ணது."

"தப்பு வந்தா யாரு கேப்பாங்க? மேல ஆளே இல்லையே."

"பினாயில் முதலாளி கேப்பார் மேடம். தெருவுக்கே கேக்கும்."

தலைவி சிரித்துவிட்டாள். "அவரையே கேட்டுடுவோம். கொஞ்சம் வெளிய இருங்க."

வேலை நேரம்! தடுக்க வாயெடுப்பதற்குள் எண்ணை அழுத்தியாகிவிட்டது. நடைவழியில் நாற்காலி இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"அந்தப் பொண்ணா? எதுக்கு? வேலைக்கா? அப்ப என் லேபிளை எவன் பண்ணுவான்? அச்சுல கலர் மாறினா பிரஸ்ல நின்னு சண்டை போடுறது அது ஒண்ணுதான்! ஆளை இழுத்துக்கிட்டுப் போறதுக்கு என்கிட்டயே கேக்கறீங்களா?"

போன் வைக்கப்பட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நகத்தைக் கடித்தாள். கதவு திறந்தது.

"நல்லாத் திட்டு வாங்கிக் குடுத்தீங்க. திங்கக்கிழமை சேர முடியுமா?"

முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். மூலை, தொட்டில், விடுதி, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன. ஆனால் மருந்துப் பெட்டி பாதியில் நின்றது. பினாயில் முதலாளியின் புது பாட்டில் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

"திங்கள் முடியாது மேடம். கையில ரெண்டு வேலை இருக்கு. முடிச்சு, ஃபைலையும் அவங்ககிட்ட ஒப்படைக்கணும். ரெண்டு வாரம் வேணும்."

தலைவியின் பேனா நின்றது. "உங்களுக்கு நீங்களே நோட்டீஸ் குடுத்துக்கறீங்களா?"

"அவங்களுக்குக் குடுக்கணும் மேடம்."

இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. தலைவி நாட்காட்டியைப் புரட்டினாள். "சேர்ந்தப்புறம் வெளிவேலை கூடாது. அது எங்க விதி."

"சரி மேடம்."

"அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. ஆர்டர் மெயில்ல வரும்." முன் அனுபவம் என்ற இடத்தில் ஐந்து வருஷம் என்று தலைவி எழுதினாள்.

படியில் கால் வைக்கும்போதே போன் அடித்தது. பினாயில் முதலாளி.

"சொல்லு. எப்ப வரைக்கும் இருப்ப?"

"ரெண்டு வாரம் சார்."

அந்தப் பக்கம் கத்தல் தொடங்கியது. போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலின் மூடிக்கு என்ன நிறம் என்று கேட்டபடியே இறங்கினாள்.