ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்

ஆஸ்பத்திரிகளுக்குக் கதவு மாட்டுவது என் தொழில். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஒரு கதவைப் பார்த்த மாத்திரத்தில் அதன் எடையைச் சொல்லிவிடுவேன், ஒரு கிலோ இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். இவ்வளவு தெரிந்த நான்தான் என் சொந்த வீட்டுக் கதவிடம் ஏமாந்தேன். ஏமாற்றப் போய் ஏமாந்தேன் என்று சொல்வதுதான் சரி.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை மேஸ்திரி என்பாள். கல்யாணமான வருஷம் கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தசை கரையும் நோய் வந்தது. முதலில் கால். பிறகு மின்சாரச் சக்கர நாற்காலி. இப்போது கை. மருந்து கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் அன்றைக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

அவள் வேலையை விடவில்லை, நீண்ட லீவில் இருந்தாள். ராஜினாமா எழுது என்று அவள் அக்கா போனிலேயே நச்சரித்தாள். டீச்சர் மசியவில்லை. நான் குளியலறைக்குப் புதுக் கதவு மாட்டிய அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"மேஸ்திரி, இந்தக் கதவை நானே தள்ளித் திறக்கற வரைக்கும் நான் டீச்சர். மூணு எண்ணறதுக்குள்ள நாற்காலி நுழையற அளவுக்குத் திறக்கணும். மூணைத் தாண்டினா அன்னைக்கே கடுதாசி எழுதிடறேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"எதுக்கு இந்த வம்பு? மோட்டார் வெச்சுடறேன். பட்டனைத் தொட்டாப் போதும்."

"மோட்டார் வெச்சா, எனக்கு எப்ப முடியாமப் போச்சுன்னு எனக்கே தெரியாது. எனக்குத் தெரியணும்."

அந்தக் கதவு நல்ல கெட்டி மரம். முப்பத்தாறு கிலோ, அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர். கீலில் பேரிங் போட்டிருந்தேன், உராய்வு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொக்கி, தாழ் எதுவும் வைக்கவில்லை. கொடுக்க வேண்டிய பலமெல்லாம் அந்த எடையைச் சுழற்றி விடுவதற்குத்தான். கீலிலிருந்து எண்பத்தொரு சென்டிமீட்டரில் கைப்பிடி, அதன் கீழே தள்ளுவதற்கு ஒரு தகடு. நுனியை வைத்துத் தள்ளினால் முள் நகரும் ஸ்பிரிங் தராசு ஒன்று என்னிடம் உண்டு. ஆஸ்பத்திரிக் கதவுகளுக்கு வைத்திருப்பது. அதை வைத்துப் பார்த்தோம். தகட்டில் முன்னூற்று எண்பது கிராம் அழுத்தம் விடாமல் கொடுத்தால், கதவு சீராக வேகம் எடுத்து, சரியாக மூன்று நொடியில் போதுமான அளவு திறந்தது. கையால்தான் தள்ள வேண்டும், நாற்காலி கூடவே போகலாம், ஆனால் நாற்காலி தள்ளக் கூடாது. இதுவும் அவள் போட்ட சட்டம்தான்.

அப்போது அவள் கை ஐந்நூற்று ஐம்பது கிராம் தள்ளியது. தினமும் காலையில் தராசில் ஒரு தடவை, கதவில் ஒரு தடவை. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். ஐந்நூறு ஆனது. நானூற்று நாற்பது ஆனது.  ஒரு நாள் முன்னூற்று எண்பதைத் தொட்டது. கதவு மூன்று எண்ணி முடிக்கும்போது திறந்தது, முடித்த பிறகு என்றும் சொல்லலாம். அவள் நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றே நான் பட்டறையில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அதே அளவு, அதே வெள்ளைப் பெயின்ட், அதே தகடு. உள்ளே மட்டும் கெட்டி மரத்துக்குப் பதில் ஆங்காங்கே வெற்றுக் கூடு. இருபத்து நான்கு கிலோ. கரையான் மாதிரி தெரிகிறது, மருந்தடித்துக்கொண்டு வருகிறேன் என்று பழைய கதவைக் கழற்றினேன், சாயங்காலம் புதியதைத் திருப்பி மாட்டினேன். பொய் சொல்லும்போது என் காது சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மாட்டி முடிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலை தள்ளினாள். இரண்டரை எண்ணுவதற்குள் கதவு போய் நின்றது.

"மேஸ்திரி! கை தேறிடுச்சு போல இருக்கே!"

"நான்தான் சொன்னேனே. நீதான் சும்மா பயந்துக்கிட்டிருந்தே."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்தேன். நடந்தது என்னவோ, கதவு இளைத்தது, அவள் தேறவில்லை. ஆனால் மனசு கணக்கையா பார்க்கிறது?

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் அவள் தகட்டில் கை வைப்பாள், நான் எண்ணுவேன், மூன்றுக்குள் திறக்கும். நோட்டை நான் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் கதவுப் புராணம் பாடினேன். தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். நான் காபியை நீட்டிக்கொண்டே, "பள்ளிக்கூடம் திறக்கறப்ப டீச்சரை அனுப்பி வைக்கறேன், அவங்க வகுப்பை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று பெரிய மனுஷனாட்டம் பேசினேன். அவர் காபியை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. டீச்சர் தன் புடவை நுனியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் துடைக்க உட்கார்ந்தேன். வெள்ளைப் பெயின்டில் கை அழுக்கு பளிச்சென்று தெரியும். தகட்டின் மேல் விரல் தடம் இருந்தது, அது தினமும் நான் பார்ப்பது. ஆனால் கதவின் நடுவிலும் ஒரு தடம் இருந்தது. தகட்டில் இருந்ததைவிட அழுத்தமாக, பல நாள் படிந்த கறை. எனக்குச் சுர்ரென்று வந்தது.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தகடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஜனங்கள் தள்ளுவார்கள் என்று நம்பிவிடுவோம். அளப்பதும் அங்கேதான், கையெழுத்துப் போடுவதும் அதை வைத்துத்தான். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் இவள் கண்ட இடத்தில் கையை வைத்துத் தள்ளிக் கையைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர்! ஊர்ப் பசங்களுக்கெல்லாம் பாடம் நடத்தறே, உனக்குத் தெரியாதா? கீல் பக்கம் போகப் போக அதிகமாத் தள்ளணும். பாதி தூரத்துல வெச்சா ரெண்டு மடங்கு. இருக்கற பலத்தையும் ஏன் வீணாக்கறே?"

 எவ்வளவு வீணாக்குகிறாள் என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பில், டேப்பை எடுத்துக் கீலிலிருந்து கறையின் நடு வரைக்கும் பிடித்தேன். ஐம்பத்து நான்கு.

ஐம்பத்து மூன்று இல்லை, ஐம்பத்தைந்து இல்லை. எண்பத்தொன்றில் மூன்றில் இரண்டு பங்கு. இருபத்து நான்கு கிலோ என்பது முப்பத்தாறில் மூன்றில் இரண்டு பங்கு. இலேசான கதவை அந்த இடத்தில் தள்ளினால், பழைய கனத்த கதவைத் தகட்டில் தள்ளுவதற்கு என்ன பலம் வேண்டுமோ அதே முன்னூற்று எண்பது கிராம்தான் வேண்டும். நான் எடுத்த எடையை அவள் தூரத்தைக் குறைத்துத் திருப்பி வைத்திருந்தாள். டேப் கையிலிருந்து நழுவிச் சுருண்டுகொண்டது.

முன்னறையிலிருந்து நாற்காலி வரும் சத்தம் கேட்டது. என் பின்னால் வந்து நின்றாள்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"முதல் நாள் காலையிலேயே. தராசு அன்னைக்கும் முன்னூத்தி எண்பதுதான் காட்டுச்சு. கை அப்படியே இருக்கு, கதவு மட்டும் வேகமாப் போகுது. அப்ப யாரு மாறினது?"

"ஐம்பத்து நாலுன்னு எப்படி...?"

"மூணை மூணால பெருக்கினா ஒன்பது. ரெண்டரையை ரெண்டரையால பெருக்கினா ஆறும் சொச்சமும். ஒரே தள்ளல்னா கனம் நேரத்தோட வர்க்கத்துலதான் மாறும், அது ஒன்பதுலேருந்து ஆறானா, சுத்தறதுக்கு இருந்த கனம் மூணுல ஒரு பங்கு போயிடுச்சுன்னு அர்த்தம். உள்ளே என்ன மரத்தைப் பிடுங்கினீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். தூரத்தையும் அதே மாதிரி குறைச்சா என் பழைய கதவு கிடைச்சிடும்." அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க வேலைக்குப் போனதும் அங்கே வெச்சுத் தள்ளிப் பாப்பேன். நீங்க இருக்கறப்ப தகட்டுல."

"எனக்காக நடிச்சியா?"

"மூணுக்குள்ள கதவு திறந்தா உங்க முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நான் பாத்தேன். அதைக் கெடுக்க மனசு வரலை."

 கேட்க வேண்டியதைக் கடைசியாகத்தான் கேட்டேன். நடுவில் வைத்துத் தள்ளினால் எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது?

"ஆறு வாரத்துக்கு முன்னாடியே மூணைத் தாண்டிடுச்சு. அன்னைக்கே கடுதாசி எழுதி அனுப்பிட்டேன். சட்டம்னா சட்டம்தானே. தலைமை ஆசிரியை அதை வாங்கிக்கிட்டு என்னைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தாங்க. நீங்க வகுப்பைப் பத்திப் பேசினதும் பாவம், அவங்களுக்குக் காபி இறங்கலை."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அன்று காலைக் கணக்கு இருநூற்று நாற்பது. தகட்டில் இருபத்து நான்கு கிலோக் கதவுக்கே இருநூற்று ஐம்பது கிராம் சொச்சம் வேண்டும். கூடுக் கதவும் அவளைத் தாண்டிப் போயிருந்தது. கடைசி வாரம் நான் எண்ணும்போது மூன்றை இழுத்து எண்ணியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் இளைக்க வைக்கறேன்," என்றேன். "பதினஞ்சு கிலோவுக்குக் கொண்டு வரலாம். தகரத்துலயே பண்ணலாம். அதுக்கு முன்னாடி தகட்டை விடு, இந்த ஓரத்துல கையை வை. ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு. இருநூத்தி முப்பது போதும். உன்கிட்ட இருக்கு, தள்ளு."

பிடிவாதக் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். ஆனாலும் நாற்காலியை நகர்த்தி, கதவின் கடைசி ஓரத்தில் விரல் நுனிகளை வைத்தாள். நான் எண்ணினேன், இந்தத் தடவை நேர்மையாக. ஒன்று. இரண்டு. மூன்று. கதவு திறந்து நின்றது. நான் அசட்டுத்தனமாகக் கையைத் தட்டிவிட்டேன்.

அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள். 

"இன்னும் ஒரு வாரத்துல இருநூத்தி இருபது காட்டும். அப்ப கையை எங்க வைக்கச் சொல்லுவீங்க மேஸ்திரி? கதவு இங்கயே முடிஞ்சுபோச்சே."

 ஈரத்துணியால் நடுவில் இருந்த கறையைத் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. அன்றைக்கு அவள் வேண்டாம் என்ற மோட்டார் இருந்த பெட்டியை எடுத்துவர எழுந்தேன்.