நான்காவது கேள்விக்குறி

மருத்துவமனையில் எல்லோரும் அவளைக் 'கணக்கு டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ மருந்தாளுநர் வேலை. யாராவது எதையாவது விழுங்கிவிட்டு வந்தால், அது என்ன மருந்து, என்ன செய்யும் என்று கண்டுபிடித்து அவசரப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அன்றைக்கும் எண்ணத்தான் செய்தாள்.

காலை பத்தரை மணிக்கு ஒரு அப்பா தன் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஊரிலிருந்து வந்து தங்கிய பெரியப்பா கிளம்பிப் போனதும், கட்டிலுக்கு அடியில் கிடந்த மாத்திரை அட்டையைப் பையன் பிரித்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டானாம். பெரியப்பா ரயிலில் இருந்தார். போன் எடுக்கவில்லை.

அட்டையில் மிஞ்சியது விரல் அளவுத் துண்டு. மருந்தின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. முதலில் 'சி'. அப்புறம் மாத்திரையைக் குத்தி எடுத்த ஓட்டை. அதற்கப்புறம் ஐ, டி, ஐ, என், இ.

ஓட்டைக்குள் எத்தனை எழுத்து போயிருக்கும்? அவள் அளவுகோலை வைத்தாள். கடைசி ஐந்து எழுத்தின் அகலத்தை ஐந்தால் வகுத்தாள். அந்தக் கணக்குப்படி ஓட்டையில் நான்கு எழுத்து. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு, கணினியில் மருந்துப் பட்டியலைத் தேடினாள்: 'சி', நான்கு கேள்விக்குறி, மிச்ச ஐந்து எழுத்து. ஒரே ஒரு பெயர் வந்தது. சிமெடிடின். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை.

"பயப்படாதீங்க. இது பெருசா ஒண்ணும் பண்ணாது" என்று அவளே அந்த அப்பாவிடம் சொன்னாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். பையன் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பதிவேட்டில் துண்டை ஒட்டும்போதுதான், சரிபார்த்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. சிமெடிடின் என்பதைக் கணினியில் பெரிய எழுத்தில் அடித்தாள். கடைசி ஐந்து எழுத்தும் துண்டில் இருப்பதன் அகலத்துக்கு வரும்வரை பெரிதாக்கி, அச்செடுத்து, பக்கத்தில் வைத்தாள். கடைசி ஐந்தும் கச்சிதமாகப் பொருந்தின. முதல் எழுத்து மட்டும் பொருந்தவில்லை. துண்டில் இருந்ததைவிட அரை எழுத்து தள்ளி நின்றது.

துண்டை மறுபடி பார்த்தாள். அளவுக்கு எடுத்த ஐந்து எழுத்தில் இரண்டு 'ஐ'. குச்சி மாதிரி ஒல்லி எழுத்து. அதை வைத்து அளந்தால் எந்த ஓட்டையிலும் ஒரு எழுத்து கூடத்தான் தெரியும். ஓட்டையில் இருந்தது மூன்று எழுத்து.

ஒரு கேள்விக்குறியை அழித்தாள். அவசரத்தில் இரண்டு அழிந்துவிட்டன. ஒன்றைத் திரும்பப் போட்டுத் தேடினாள்.

குளோனிடின். ஆங்கிலத்தில் இதுவும் 'சி'யில்தான் தொடங்கும். ரத்த அழுத்த மாத்திரை. சின்னக் குழந்தைக்கு ஒன்று போனாலே ஆபத்து. முதலில் தூக்கம் வரும். அப்புறம் இதயத் துடிப்பு குறையும். அப்புறம் மூச்சு.

"டாக்டர், நான் சொன்னது தப்பு! அது குளோனிடின்! பையனைத் திரும்பக் கூட்டிட்டு வரேன்!" என்று போனில் கத்திவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று படிக்கட்டிலேயே கழன்றது. கூடத்தில் அவர்கள் இல்லை. வாசலில் இல்லை. பஸ் ஏறிப் போயிருந்தால் எங்கே என்று தேடுவது? சீட்டில் முகவரி எழுதும் இடம் காலியாக இருந்தது அவள் கண்முன் வந்தது. கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முணுமுணுத்தது. வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் அந்த அப்பா நின்றுகொண்டிருந்தார். பையனின் தலை அவர் தோளில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் அவர் சிரித்து, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. இப்பத்தான் தூங்கினான்."

அவள் பையனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வண்டிகள் கிறீச்சிட்டு நின்றன. பின்னாலேயே அவர் கத்திக்கொண்டு வந்தார். பையன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஓட்டத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் ஆக்சிஜனும் ஊசியும் தயாராக இருந்தன. மானிட்டரில் துடிப்பு ஐம்பத்தெட்டு. இரண்டு வயதுக்கு இருக்க வேண்டியதில் அது பாதி. மருந்து ஏறியதும் அறுபத்தைந்து, எழுபத்தெட்டு, தொண்ணூறு. பையன் முகத்தைச் சுளித்துச் சிணுங்கினான்.

"நாளைக்கு வரைக்கும் இங்கேயே வெச்சுப் பார்க்கணும். மூச்சு சீராத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன். தப்பா எண்ணிட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அவளுடைய வெறுங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

"தூங்குறானேன்னு சந்தோஷப்பட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.