டயப்பருக்குள் இருந்த மஞ்சள்

என் கணவர் இம்தியாஸுக்கு மஞ்சளில் மட்டும் பதினாலு மஞ்சள் தெரியும். மாம்பழ மஞ்சள், சந்தன மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், கடுகுப்பூ மஞ்சள் என்று அடுக்கிக்கொண்டே போவார். பட்டுப்புடவைக் கடையில் முந்திக்கும் உடலுக்கும் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அதில் ஊரில் நல்ல பெயர். ஆனால் பெற்ற பிள்ளை மூன்றாம் நாள் மஞ்சளாகி வந்தபோது மட்டும், "நல்ல கலரும்மா, நம்ம வீட்டு ராசி" என்றார்.

அந்த ராசியைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான். இன்னும் பெயர் வைக்காத எங்கள் 'தம்பி' பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். கன்னத்தைத் தட்டினால் லேசாக உதட்டைச் சுளிப்பான், திரும்பவும் தூங்கிவிடுவான். முப்பத்தேழு வாரத்திலேயே பிறந்தவன்.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் மஞ்சளின் அளவு, பிலிருபின், பதினெட்டு; மூன்று நாள் பிள்ளைக்கு அது அதிகமாம். நர்ஸ் கலையரசி என்னை உட்கார வைத்து, பின்னாலேயே வந்து நின்ற இவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"பயப்படாத, நிறைய பிள்ளைங்களுக்கு வரும்மா. பழைய சிவப்பணு உடைஞ்சா மஞ்சளா ஒரு கழிவு வரும். அது தண்ணியில கரையாது. லிவர்தான் அதைக் கரையற மாதிரி மாத்தி வெளியே அனுப்பணும். உன் பிள்ளை லிவர் இப்பதான் கடையைத் திறந்துக்கினு இருக்குது, ஆள் பத்தல. சரக்கு மட்டும் வந்துக்கினே இருக்குது."

"அப்ப அது தேங்கினா?"

"ரொம்ப ஏறினா மூளைக்குப் போயிடும். அதுக்குள்ள இறக்கிடலாம். லைட்டுல வெச்சா தோலுக்குள்ள இருக்கற மஞ்சளோட உருவம் மாறும், தண்ணியில கரைஞ்சு மலத்துலயும் மூத்திரத்துலயும் போயிடும். லிவருக்காக காத்திருக்க வேணாம். நீ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடு, அது போதும்."

'மூளை' என்ற வார்த்தை மட்டும் என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் நீல விளக்கு. கண்ணுக்கு ஒரு கட்டு, இடுப்பில் சின்ன டயப்பர், மற்றபடி அம்மணம். கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரன் மாதிரி காலை அகட்டிப் படுத்திருந்தான் என் மகன். பக்கத்துப் பெட்டியில் படுத்திருந்த பெண் குழந்தையும் அதே போஸ். அவளுடைய அம்மாவும் நானும் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தோம். பயத்தில் வருகிற சிரிப்பு அடங்கவே அடங்காது.

மறுநாள் காலையில் இம்தியாஸ் வந்தார். விளக்கை அணைத்துப் பால் கொடுக்கும் நேரம். பிள்ளையின் நெஞ்சை, கையை, தொடையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"போயிடுச்சு!" என்றார். "சுத்தமா போயிடுச்சு ஷாஸியா! மஞ்ச சாயம் வெளிச்சத்துல எப்படி வெளுக்கும்னு எனக்குத் தெரியாதா? வா, கிளம்பு."

நானும் பார்த்தேன். உண்மைதான், வெண்ணெய் மாதிரி இருந்தான். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. வியாழக்கிழமை ஏழாம் நாள், ஆடு அறுத்துப் பெயர் வைக்கும் அகீகா. ஆடு சொல்லியாயிற்று, பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று, என் நாத்தனார் அஞ்சும் ஆம்பூரிலிருந்து கிளம்பிவிட்டாள். பெயர் வைக்காத பிள்ளையை இன்னும் எத்தனை நாள் 'தம்பி' என்று கூப்பிடுவது? பையை மூடினேன். இவர் கீழே போய் ஆட்டோவையே நிறுத்திவிட்டு வந்தார்.

கலையரசி ஊசியும் கையுமாக வந்தார். "ரத்தம் எடுத்துக்கினு நம்பர் பார்க்கணும். அதுக்கு அப்புறம்தான் டாக்டர் சொல்லுவாரு."

"எதுக்கு சிஸ்டர் திரும்பக் குத்தணும்? இருபது வருசமா கலர் பார்க்கற கண்ணு இது. ஒரு இழை மாறினாலும் பிடிச்சிடுவேன்."

"சார், இது புடவை இல்லை."

"கலர் கலர்தானே?"

"லைட்டுல வெச்ச பிள்ளையைக் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது சார்" என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் எங்கள் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகிறோம் என்று குரலை உயர்த்தினார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. இப்போது நினைத்தாலும் என்னை நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி டயப்பரை நிறைத்தான். பச்சையாக, தாராளமாக. ஆட்டோவுக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று அவிழ்த்தேன், துடைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

தொடை வெண்ணெய். டயப்பர் மூடியிருந்த இடம் மஞ்சள். நடுவில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. மறுபடி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை.

"என்னங்க, இங்க வாங்க."

"ஆட்டோக்காரன் கத்தறான்மா."

"கத்தட்டும். இதைப் பார்த்துச் சொல்லுங்க. இங்க என்ன கலர், அங்க என்ன கலர்?"

குனிந்தார். தொழில்காரர் அல்லவா, பொய் சொல்ல வரவில்லை. விரலால் தோலை லேசாக அழுத்தி எடுத்தார்.

"ரெண்டும் ஒரே தடவை சாயம் போட்டது இல்லை" என்றார் மெதுவாக.

"பிள்ளை ஒண்ணுதாங்க!"

கலையரசி சிரிக்கவில்லை. "வெளிச்சம் பட்ட தோல்ல இருந்தது சீக்கிரம் போயிடும். மூடின இடத்துல அப்படியே நிக்கும். ரத்தத்துல எவ்வளவு இருக்குதுன்னு தோலுக்குத் தெரியாது சார். இப்ப குத்தட்டா?"

இம்தியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பதினைந்து புள்ளி ஒன்பது. இறங்கியிருந்தது, ஆனால் விளக்கை அணைக்கிற அளவுக்கு இல்லை. இந்த நிலையில் வீட்டுக்குப் போயிருந்தால், மேல்தோலைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டு பிரியாணி தின்றிருப்போம், உள்ளே அது மறுபடி ஏறியிருக்கும். இவர் கீழே போனார். ஆட்டோவை அனுப்பினார். ஆட்டுக்காரருக்கும், பிரியாணிக்காரருக்கும், பாதி வழியில் இருந்த அஞ்சுமுக்கும் போன் போட்டு அகீகாவைப் பதினாலாம் நாளுக்குத் தள்ளினார். அஞ்சும் போனில் திட்டியது மாடி வரை கேட்டது.

அப்புறம் அவர் அடித்த கூத்து! ஒவ்வொரு டயப்பரையும் திறந்து பார்த்து, "பச்சை! நல்ல பாசிப்பச்சை! வெளியே போவுது ஷாஸியா!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கூவுவார். பக்கத்துப் பெட்டிப் பெண்ணின் டயப்பருக்கும் கருத்துச் சொல்லப் போய்விட்டார். அவளுடைய அம்மா ஓடிப்போய்க் கதவருகே நின்று சிரித்தாள். பிள்ளை பால் குடித்தால் கைதட்டல், மூத்திரம் பெய்தால் மாஷா அல்லாஹ். எனக்குச் சிரித்துச் சிரித்துப் பிரசவத் தையல் வலித்தது.

புதன்கிழமை காலை பன்னிரண்டு புள்ளி எட்டு. சாயங்காலம் பத்து புள்ளி ஒன்பது. டாக்டர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். ஆனால் வெளிச்சம் இல்லாமல் மறுபடி ஏறுகிறதா என்று மறுநாள் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

வியாழக்கிழமை கலையரசி தயங்கிக்கொண்டே ஊசியோடு வந்தார். சண்டைக்குத் தயாராக வந்த முகம். இம்தியாஸ் எழுந்தார். பிள்ளையின் சின்னக் குதிகாலைத் தானே தன் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார்.

"குத்துங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

குத்தியதும் தம்பி அலறினான். அப்படி ஓர் அலறல்! மூன்று நாளாய்த் தூங்கிய பிள்ளையா இது என்று வார்டே திரும்பியது. இரண்டு கால்களையும் உதைத்தான், முகம் சிவந்தது, அப்பனின் சட்டையைப் பிடித்துக் கசக்கினான். குத்துப்பட்டது பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதது இம்தியாஸ். "கேக்குதா ஷாஸியா, கேக்குதா" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தின் நம்பர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.