வலி இல்லாவிட்டாலும்

மதியச் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் கொழுந்தனிடமிருந்து ஒரு படம் வந்தது. எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள். கீழே ஒரு வரி: “அண்ணி, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. அவசரமில்ல.”

அவள் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவள். தாளில் இருந்த வேற்றுமொழிதான் அவளுக்குச் சோறு போடும் மொழி. படத்தைப் பெரிதாக்கியதும் முதலில் கண்ணில் பட்டது மண்டையோடு. அதன் பக்கத்தில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்ற பெயர். உடனே கூப்பிட்டாள்.

“எதுக்குடா இந்தத் தாள்?”

“எவர்சில்வர் டேங்குல வெல்டிங் கறுப்பெடுக்க ஒரு பேஸ்ட் பூசுவோமே, அந்த டப்பா தொடைமேல கவுந்துடுச்சு. வேஸ்ட் துணியால தொடச்சிட்டேன். தீப்புண் மருந்தும் போட்டாச்சு. வலியே இல்ல அண்ணி. இது டப்பாவோட வந்த தாளு, மேஸ்திரிதான் எதுக்கும் கேட்டுக்கோன்னாரு.”

“பேன்ட்ட மாத்துனியா?”

“காஞ்சிடுச்சு. எதுக்கு மாத்தணும்?”

நெருப்புப் பொறியோடு குடித்தனம் நடத்துகிற வெல்டிங் பட்டறைக்காரர்கள் அவர்கள். வலித்தால் புண், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்பதே பட்டறைக் கணக்கு. அவள் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்த கணவன், தம்பியின் குரல் கேட்டு நிமிர்ந்தான்.

“பக்குவமா சொல்லு,” என்றான் மெதுவாக. “அவன் பயந்தாங்கொள்ளி.”

ஆபத்தானது, கவனம் தேவை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தாளில் அப்படி இல்லை.

“எழுதியிருக்கறத அப்படியே படிக்கிறேன், கேளு. தோலில் பட்டால் மரணம் விளைவிக்கும்.”

கணவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“வலி தாமதமாக வரலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவ உதவி தேவை. இதுவும் இருக்கு. பேன்ட்டோடயே குழாய்க்கடியில போ. தண்ணி ஓட ஓட எல்லாத்தையும் கழட்டு. மருந்து, பேஸ்ட் எதுவும் தோல்ல நிக்கக் கூடாது. போனை மேஸ்திரிகிட்ட குடு.”

மேஸ்திரி வந்தார். “என்னம்மா, டேங்குக்குப் பூசுற சாமானுக்கு மனுசன் சாவானா? நான் பைக்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

“பைக் வேண்டாங்க, ஆம்புலன்ஸ். இது தோலோட நிக்காது. உள்ள இறங்கி ரத்தத்துல இருக்கற கால்சியத்த இழுத்துடும், இதயம் நின்னுடலாம்னு போட்டிருக்கு. நானா ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லல. அப்புறம், முதலுதவிப் பகுதியில பாதிய அவன் கட்டைவிரல் மறைக்குது. விரலை எடுத்துட்டு இன்னொரு படம் அனுப்புங்க.”

கணவன் தன் பேசியில் ஆம்புலன்ஸை அழைத்துப் பட்டறைக்கு வழி சொல்லத் தொடங்கினான். பத்து வருஷமாகத் தெரிந்த தெருப்பெயர் வாயில் வரமாட்டேன் என்றது.

இரண்டாவது படம் வந்தது. விரல் மறைத்திருந்த இடத்தில்தான் மருந்தின் பெயர் இருந்தது.

“கால்சியம் குளுக்கோனேட் ஜெல். தண்ணியில நல்லா கழுவினதும் இதைத் தேய்க்கணும், தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். தேய்க்கறவங்க கையுறை போடணும். வச்சிருக்கீங்களா?”

“அப்படியெல்லாம் இங்க எதுவும் இல்லம்மா.”

“பேஸ்ட் வந்த பெட்டியில டியூப் மாதிரி ஏதாவது வந்துச்சா?”

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். குரல் இறங்கிப் போனது. “வந்துச்சு. வெள்ளையா. எழுத்து புரியல. கை வெடிப்புக்குக் கிரீம் குடுத்திருக்கான்னு நெனச்சோம். வீட்டுக்குப் போறப்ப எல்லாரும் போட்டுக்குவோம்.”

“மீதி இருக்கா?”

இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம். ஸ்பானர்கள் சிதறின. பிறகு மூன்றாவது படம்: அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய ஒரு டியூப். அதே பெயர்தான்.

“இதேதாங்க. டியூபை வெட்டி வழிச்செடுங்க.”

மேஸ்திரி கையுறையோடு தேய்த்தார். தீர்ந்தது என்றார். மறுபடி தண்ணீரில் நிறுத்தச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் போலிருந்தது.

“தாளைக் கையோட கொண்டு போங்க,” என்றாள். “டாக்டருக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கு. அதைத் தமிழ்ல எழுதி அனுப்பிட்டேன்.”

வண்டிக்குள்ளிருந்து கொழுந்தன் பேசினான். பல்லைக் கடித்துப் பேசினான்.

“அண்ணி, இப்ப வலிக்குது. எலும்புக்குள்ள யாரோ திருகுற மாதிரி.”

“ம்.”

“சரியாயிடும்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா?”

கணவன் அவள் முகத்தையே பார்த்தான். ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அப்படி எழுதல. ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதயத் துடிப்பை விடாம பாத்துக்கிட்டே இருக்கணும்னு எழுதியிருக்கு. டிரைவர்கிட்ட சொல்லு, அங்க கால்சியம் தயாரா வைக்கச் சொல்லட்டும். போனை வைக்காத. நான் இங்கதான் இருக்கேன்.”

அதன்பிறகு சைரன் மட்டும் கேட்டது. கணவனும் மனைவியும் நடுவில் கிடந்த பேசியைப் பார்த்தபடி, ஆறிப்போன சோற்றுக்கு முன்னால், உட்கார்ந்திருந்தார்கள்.